வளைந்த கோடும் நேரான நூலும்

மேட்டுப்பாளையம் ரயில் நிலையத்திலிருந்து குன்னூர் ரயில் நிலையத்துக்குப் பறவை பறக்கும் வழியில் 16 கிலோமீட்டர் அளவில்தான் இருக்கும். நீலகிரி மலை ரயில் அதே இரண்டு ஊர்களுக்கு இடையே 28 கிலோமீட்டர் ஓடுகிறது. கடல்மட்டத்திலிருந்து 330 மீட்டர் உயரத்தில் புறப்பட்டு 1,712 மீட்டர் உயரத்தில் போய் நிற்க வேண்டிய வண்டி அது. நேராக ஏற முடியாததால் மலையின் மடிப்புகளுக்குள் புகுந்து, வளைந்து வளைந்து போகிறது. 1899-இல் குன்னூர் வரை திறக்கப்பட்ட இந்தப் பாதையின் நீளத்தை அதன்மேல் கால் வைக்காமல், வீட்டு மேசையில் ஒரு வரைபடத்தை விரித்து இரண்டு முழ நூலால் அளந்துவிடலாம். பள்ளிப் புவியியல் புத்தகத்தில் நாலு வரியில் முடிந்துபோகும் செய்முறைதான். ஆனால் அதற்குள் நல்ல கணிதம் ஒன்று ஒளிந்திருக்கிறது. அதைக் கண்டுகொள்ள இந்த ரயில் பாதையைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து வேறில்லை. காரணம், நூல் சொல்லும் விடையைச் சரிபார்க்க இங்கே வழி உண்டு. ரயில்வே தன் பாதையைத் தரையிலேயே அளந்து வைத்திருக்கிறது.

முதலில் வரைபடம். இந்திய நில அளவைத் துறை நாடு முழுவதையும் சதுரம் சதுரமாகப் பிரித்துத் தலப்படங்கள் வெளியிடுகிறது. அதில் 58A/15 என்ற பழைய எண் கொண்ட தாள், கிழக்குத் தீர்க்கரேகை 76 பாகை 45 கலையிலிருந்து 77 பாகை வரையும், வடக்கு அட்சரேகை 11 பாகை 15 கலையிலிருந்து 11 பாகை 30 கலை வரையும் உள்ள நிலத்தைக் காட்டும். மேட்டுப்பாளையமும் குன்னூரும் இந்த ஒரே தாளுக்குள் வந்துவிடுகின்றன. குன்னூரைத் தாண்டி உதகைக்குப் போக வேண்டுமென்றால் மேற்கே அடுத்த தாளான 58A/11-ஐயும் எடுத்து ஒட்ட வேண்டியிருக்கும். ஒட்டும் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் அதுவும் பிழையில் சேரும். நமக்கு அந்தத் தொல்லை வேண்டாம். குன்னூரோடு நிறுத்திக்கொள்வோம்.

தாளின் அளவை 1:50,000. தாளில் ஒரு சென்டிமீட்டர் என்றால் தரையில் 50,000 சென்டிமீட்டர், அதாவது அரை கிலோமீட்டர். இரண்டு சென்டிமீட்டருக்கு ஒரு கிலோமீட்டர் என்று மனத்தில் வைத்துக்கொண்டால் கணக்கு எளிது. ஒரு மில்லிமீட்டருக்கு 50 மீட்டர். இந்தக் கடைசி எண்ணை மறக்க வேண்டாம், பின்னால் நிறைய வேலை செய்யப் போகிறது. 28 கிலோமீட்டர் பாதை இந்தத் தாளில் 56 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு நெளிந்த கோடாக இருக்க வேண்டும்.

நூலைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நைலான் நரம்பு எடுத்தால் அது தன் சுருளை விடாது, கோட்டின்மேல் படியாமல் எழும்பி நிற்கும். கம்பளி நூல் இழுத்த இழுப்புக்கெல்லாம் நீளும். தையல் நூல் மெல்லியதுதான், ஆனால் முறுக்கு அதிகம், விரலை எடுத்ததும் துள்ளிவிடும். பூக்கட்டும் வெள்ளைப் பருத்தி நூல் நன்றாக வேலை செய்கிறது. மென்மையானது, தாளின்மேல் வைத்த இடத்தில் படிந்து கிடக்கும். ஒரு முனையில் சிறிய முடிச்சுப் போட்டு, அந்த முடிச்சை மேட்டுப்பாளையம் நிலையத்தின் குறிமேல் இடது கைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திக்கொள்ள வேண்டும். வலது கையால் நூலைக் கோட்டின்மேல் சிறிது தூரம் படிய வைத்து, படிந்த இடத்தின் முனைக்கு நகத்தை நகர்த்தி, மறுபடியும் சிறிது தூரம் படிய வைக்க வேண்டும். நேராக ஓடும் இடத்தில் மூன்று நான்கு சென்டிமீட்டர் ஒரே வீச்சில் போகலாம். வளைவு வந்தால் இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு ஒருமுறை நகம் நகர வேண்டும். சுரங்கம் வரும் இடத்தில் கோடு விட்டுவிட்டுத் தெரியும். நூல் அங்கேயும் தொடர்ந்து போக வேண்டும். குன்னூரை அடைந்ததும் நூலின்மேல் பேனாவால் ஒரு புள்ளி. பிறகு நூலை எடுத்து, சுருக்கம் போகும் அளவுக்கு மட்டும் நீட்டி அளக்க வேண்டும்.

எதை வைத்து அளப்பது என்பதில் ஒரு தேர்வு இருக்கிறது. பள்ளி அளவுகோலை வைத்துச் சென்டிமீட்டரில் அளந்து 50,000-ஆல் பெருக்கலாம். அல்லது தாளின் அடியில் அச்சிட்டிருக்கும் கோட்டு அளவையின்மேல் நூலை வைத்து, கிலோமீட்டரை நேரடியாகவே படிக்கலாம். இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். அச்சகத்திலிருந்து வந்த புதுத் தாளில் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் நம் கைக்கு வருவது பெரும்பாலும் நகல். கடையில் நகல் எடுக்கும்போது படத்தைப் பக்கத்துக்குள் அடக்குவதற்காக 90 விழுக்காட்டுக்குச் சுருக்கியிருப்பார்கள். படத்தின் மூலையில் 1:50,000 என்ற எழுத்து அப்படியே இருக்கும், ஆனால் அது இனி பொய். 56 சென்டிமீட்டர் கோடு 50.4 சென்டிமீட்டராகி, பெருக்கினால் 25.2 கிலோமீட்டர் வரும். கோட்டு அளவையோ பாதையோடு சேர்ந்து தானும் சுருங்கியிருப்பதால் 28 என்றே சொல்லும். தொலைபேசித் திரையில் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும்போதும் இதே கதைதான். ஆகவே நூலை எப்போதும் அதே தாளில் உள்ள கோட்டு அளவையோடு ஒப்பிடுவதே நல்ல பழக்கம்.

தலப்படத்தில் இதைவிட நீளமான ஒரு அளவுகோலும் இருக்கிறது. பலர் கவனிக்காதது, தாளின் இடது வலது ஓரங்கள். அட்சரேகையில் ஒரு பாகை என்பது நம் பகுதியில் 110.6 கிலோமீட்டர். தாள் வடக்கு தெற்காக 15 கலை, அதாவது கால் பாகை. ஆக 27.65 கிலோமீட்டர். 1:50,000-இல் அது 55.3 சென்டிமீட்டர். படத்தின் ஓரக்கோடு அந்த நீளம் இருந்தால் தாள் சரியாக இருக்கிறது. ஈரத்தில் உப்பியிருந்தாலோ நகலில் சுருங்கியிருந்தாலோ உடனே தெரிந்துவிடும். அதோடு ஒரு வசதி: நம் ரயில் பாதையின் நூலும் ஏறக்குறைய இதே 56 சென்டிமீட்டர்தான். நூலை இந்த ஓரக்கோட்டின்மேல், பாதையின்மேல் படிய வைத்த அதே மென்மையோடு படிய வைத்து ஒப்பிட்டால், நூல் இழுபடும் குற்றமும் தாள் சுருங்கும் குற்றமும் ஒருசேர அடிபட்டுப்போகும். ஓரக்கோடு 27.65 கிலோமீட்டர் என்பது பூமியின் வடிவத்திலிருந்து வரும் எண். அதை யாரும் நகல் எடுத்து மாற்ற முடியாது.

இவ்வளவும் செய்த பிறகும் நூல் 28 சொல்வதில்லை. பெரும்பாலும் குறைத்தே சொல்லும். 26-க்கும் 27-க்கும் இடையே எங்காவது நிற்கும். பிழை என்றால் ஒரு தடவை கூடவும் ஒரு தடவை குறையவும் வர வேண்டும் அல்லவா? ஏன் எப்போதும் ஒரே பக்கம் சாய்கிறது? இந்த அத்தியாயத்தின் உயிர் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

நூலை வளைவில் படிய வைக்கும்போது கையைக் கவனியுங்கள். நூலை லேசாக இழுத்துப் பிடிக்காமல் படிய வைக்க முடியாது. இழுபட்ட நூல் எப்போதும் குறுக்கு வழியைத் தேடும். வளைவின் உட்பக்கமாக நழுவும். இடப்பக்க வளைவில் இடப்பக்கம், வலப்பக்க வளைவில் வலப்பக்கம். நழுவும் தூரம் கண்ணுக்கே தெரியாது, கால் மில்லிமீட்டர் இருக்கலாம். அதனால் எவ்வளவு நீளம் தொலைகிறது?

வளைவை ஒரு வட்டத்தின் பகுதியாக எடுத்துக்கொள்வோம். அதன் ஆரம் r, பாதை அங்கே திரும்பும் கோணம் θ. கோணத்தை ரேடியனில் சொன்னால் வளைவின் நீளம் rθ. நூல் d தூரம் உட்பக்கம் நழுவியிருந்தால் அது போகும் வட்டத்தின் ஆரம் r − d, நீளம் (r − d)θ. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்:

rθ − (r − d)θ = dθ

விடையில் r காணாமல் போய்விட்டது. இதை முதல்முறை பார்க்கும் யாரும் ஒரு கணம் நிற்பார்கள். வளைவு பெரியதா சிறியதா என்பது பொருட்டே இல்லை. அகலமான, சோம்பலான வளைவும் நெருக்கமான வளைவும் ஒரே கோணம் திரும்பினால் ஒரே அளவு நீளத்தைத் தின்கின்றன. எவ்வளவு திரும்பியது, எவ்வளவு நழுவியது என்ற இரண்டே விஷயம்தான் கணக்கு. (நழுவல் ஆரத்தைவிடச் சிறியதாக இருக்கும்வரை இது செல்லும். அதற்குமேல் நழுவினால் வளைவையே தாண்டிவிட்டோம் என்று பொருள்.)

இப்போது ரயில் பாதைக்கு வருவோம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை நூறு வளைவுகள், ஒவ்வொன்றும் சராசரி 60 பாகை திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். 60 பாகை என்பது 1.05 ரேடியன். கால் மில்லிமீட்டர் நழுவினால் ஒரு வளைவுக்கு இழப்பு 0.26 மில்லிமீட்டர், தரையில் 13 மீட்டர். அற்பம். ஆனால் நூறு வளைவுக்கு 1,300 மீட்டர். 28 கிலோமீட்டர் 26.7 ஆகிவிட்டது. நழுவிய ஒவ்வொரு தடவையும் உட்பக்கமே நழுவியதால் ஒன்றையொன்று ஈடுசெய்ய வழியில்லை. எல்லாம் ஒரே கணக்கில் வரவாகிவிட்டது.

அதே சூத்திரம் பரிகாரத்தையும் சொல்கிறது. நூலைக் கோட்டின் நடுவில் வைக்க முடியவில்லை என்றால், வேண்டுமென்றே ஒரே பக்கத்தில் வையுங்கள். பயணத் திசையில் பார்த்து எப்போதும் கோட்டின் இடது விளிம்பை ஒட்டியே நூல் போகட்டும். இடப்பக்க வளைவில் அது உட்பக்கம், நீளம் dθ குறையும். வலப்பக்க வளைவில் வெளிப்பக்கம், dθ கூடும். மலைப்பாதையில் இடமும் வலமும் மாறிமாறி வருவதால் கூடியதும் குறைந்ததும் கழிந்துபோகும். மிஞ்சுவது புறப்பட்ட திசைக்கும் போய்ச் சேர்ந்த திசைக்கும் உள்ள கோண வித்தியாசம் மட்டும். வழியில் நூறு வளைவுகள் இருந்தாலும் கடைசியில் மொத்தத் திருப்பம் அரை வட்டத்தைத் தாண்டுவது அரிது. அரை மில்லிமீட்டர் தள்ளியே நூலை வைத்திருந்தாலும் பிழை ஒன்றரை மில்லிமீட்டர், தரையில் 80 மீட்டருக்குள். நடுவில் வைக்க முயன்று 1,300 மீட்டர் இழந்தவர், ஓரத்தில் வைத்து 80 மீட்டரில் முடித்துவிடுகிறார். முயற்சி குறைந்து துல்லியம் கூடும் இப்படிப்பட்ட இடங்கள் அளவியலில் அடிக்கடி கிடைப்பதில்லை.

கை எவ்வளவு நம்பகமானது என்பதை அறிய, குன்னூரிலிருந்து கீழ்நோக்கி ஒருமுறை அளந்து பார்க்கலாம். மேலே போன அளவும் கீழே வந்த அளவும் நாலைந்து மில்லிமீட்டருக்குள் ஒத்துப்போனால் கை நிதானமாக இருக்கிறது. ஆனால் இந்தச் சோதனை உட்பக்க நழுவலைக் காட்டிக்கொடுக்காது. போகும்போதும் வரும்போதும் நூல் அதே குறுக்கு வழியைத்தான் தேடும். இரண்டு விடைகளும் ஒத்துப்போகும், இரண்டும் ஒரே அளவு தவறாக இருக்கும். நழுவலைப் பிடிக்க வேண்டுமானால் நீளம் தெரிந்த ஒரு வளைவு வேண்டும். பத்து ரூபாய் நாணயத்தைத் தாளில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரையுங்கள். நாணயத்தின் விட்டம் 27 மில்லிமீட்டர். பென்சில் முனையின் தடிப்பால் வரைந்த வட்டம் சற்றுப் பெரிதாக இருக்கும். அதன் விட்டத்தை அளந்து பையால் பெருக்கினால் சுற்றளவு கிடைக்கும், 28 மில்லிமீட்டர் விட்டமென்றால் 88 மில்லிமீட்டர். இப்போது நூலை அந்த வட்டத்தின்மேல் வழக்கம்போலப் படிய வைத்து அளந்து பாருங்கள். 86 மட்டுமே வந்தால், 2 மில்லிமீட்டரை 2π-ஆல் வகுத்தால் 0.3 வருகிறது. உங்கள் கை வளைவில் உட்பக்கம் நழுவும் தூரம் அதுதான். ஒரு வட்டத்தில் உங்கள் கையின் குணம் எண்ணாகிவிட்டது.

அடுத்து, பலருக்கும் முதலில் தோன்றும் சந்தேகத்துக்கு வருகிறேன். வரைபடம் தட்டையானது, மலை சரிவானது. சாய்ந்து ஏறும் பாதையின் உண்மை நீளம் வரைபடத்தில் காட்டும் கிடை நீளத்தைவிட அதிகமாக இருக்குமே, அதைச் சேர்க்க வேண்டாமா?

சேர்த்துப் பார்ப்போம். பற்சட்டப் பாதை தொடங்கும் கல்லாறு நிலையம் 405 மீட்டர் உயரத்தில், மேட்டுப்பாளையத்திலிருந்து 8 கிலோமீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து குன்னூர் 20 கிலோமீட்டர், ஏற்றம் 1,307 மீட்டர். பிதாகரஸ் தேற்றப்படி 20 கிலோமீட்டர் கிடை நீளத்துக்கும் 1.307 கிலோமீட்டர் ஏற்றத்துக்கும் கர்ணம் 20.043 கிலோமீட்டர். இந்தியாவின் மிகச் செங்குத்தான ரயில் பாதையில், இருபது கிலோமீட்டர் ஏறியும், கூடியது 43 மீட்டர்தான். தாளில் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. பாதையின் மிகக் கடுமையான சரிவு பன்னிரண்டரை மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏற்றம். அந்த இடத்திலும் நீளம் ஆயிரத்தில் மூன்று பங்குதான் கூடுகிறது. சாய்வின் பங்கு சரிவின் வர்க்கத்தைப் பொறுத்தது. சிறிய எண்ணின் வர்க்கம் மிகச் சிறியது. அதனால் வண்டி ஓடும் எந்தச் சாலைக்கும் எந்த ரயிலுக்கும் இந்தத் திருத்தத்தை மறந்துவிடலாம். நடைபாதை வேறு விஷயம். 30 பாகைச் சரிவில் செங்குத்தாக ஏறும் ஒற்றையடிப் பாதை, வரைபடம் காட்டுவதைவிட 15 விழுக்காடு நீளமானது. அங்கே சமஉயரக் கோடுகளை எண்ணி ஏற்றத்தைக் கண்டு, சேர்த்தே ஆக வேண்டும்.

கையின் பிழையைக் குறைத்தாயிற்று, தாளைச் சரிபார்த்தாயிற்று, சாய்வு பொருட்டில்லை என்றும் தெரிந்தது. இனி மிஞ்சுவது வரைபடம் வரைந்தவர் செய்த மாற்றம். இதை நூலால் திருத்தவே முடியாது.

மலை ரயிலில் வளைவின் ஆரம் ஒரு எல்லைக்குக் கீழே போக முடியாது. போனால் சக்கரம் தண்டவாளத்தில் ஓடாது. 100 மீட்டர் ஆரமுள்ள வளைவு 1:50,000 தாளில் 2 மில்லிமீட்டர் ஆரத்தோடு வரும். அதை அப்படியே வரைய இடம் இருக்கிறது, நூலால் பின்தொடரவும் முடிகிறது. பக்கத்தில் போகும் மலைச்சாலையின் நிலைமை அப்படியில்லை. லாரி திரும்ப வேண்டிய கொண்டை ஊசி வளைவுக்கு 15 மீட்டர் ஆரம் போதும். தாளில் அது 0.3 மில்லிமீட்டர். வளைவுக்கு மேலே போகும் சாலைக்கும் கீழே வரும் சாலைக்கும் இடைவெளி 0.6 மில்லிமீட்டர். சாலையைக் காட்டும் கோட்டின் தடிப்பே ஏறக்குறைய அவ்வளவு இருக்கும். உள்ளபடியே வரைந்தால் இரண்டு கோடுகளும் ஒட்டி ஒரே சிவப்புத் திட்டாகிவிடும். எனவே வரைபவர் இரண்டில் ஒன்றைச் செய்தாக வேண்டும். வளைவைப் பெரிதாக்கி, சாலையைச் சற்றுத் தள்ளி வரையலாம். அல்லது நாலு வளைவு இருக்கும் இடத்தில் இரண்டை மட்டும் காட்டலாம். முதல் வழியில் நீளம் கூடும், இரண்டாவதில் குறையும். இங்கே வளைந்து வளைந்து போகிறது என்று பார்ப்பவருக்குப் புரிய வேண்டும், அதுதான் வரைபடம் வரைபவரின் கடமை. நீளத்தைக் காப்பாற்றுவதாக அவர் யாருக்கும் வாக்களிக்கவில்லை.

கொல்லிமலைக்குப் போகும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருப்பது தமிழ்நாட்டில் பலருக்கும் தெரியும். ஒவ்வொன்றும் அரை வட்டம், π ரேடியன். எழுபதும் படத்தில் தனித்தனியாக வரையப்பட்டிருந்தாலும், நூல் கால் மில்லிமீட்டர் உட்பக்கம் நழுவினால் ஒரு வளைவுக்கு 39 மீட்டர், மொத்தம் 2.7 கிலோமீட்டர் தொலையும். அதன்மேல் வரைபவர் கூட்டியதும் குறைத்ததும் எவ்வளவு என்று நமக்குத் தெரியாது. இப்படிப்பட்ட சாலைக்கு 1:50,000 தாள் போதாது. 1:25,000 தாள் கிடைத்தால் எல்லாமே இரட்டிப்பாகும்: வளைவின் இரு கைகளுக்கும் இடையே 1.2 மில்லிமீட்டர், நழுவலால் வரும் இழப்பு பாதி. அளவை மாறினால் விடை மாறுகிறது என்பது இங்கே கண்கூடு. அதே சாலையை 1:2,50,000 படத்தில் அளந்தால் வளைவின் ஆரம் 0.06 மில்லிமீட்டர்தான். எழுபது வளைவும் சில நெளிவுகளாகச் சுருங்கியிருக்கும், நீளமும் அதற்கேற்பக் குறைந்திருக்கும்.

இதே அனுபவத்தை நாடுகளின் எல்லையில் கண்டவர் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேயர். வானிலையைக் கணக்கிட்டுச் சொல்ல முடியும் என்று 1922-லேயே புத்தகம் எழுதியவர். பின்னாளில் போர்களின் காரணங்களை எண்களால் ஆராய்ந்தார். இரண்டு நாடுகள் பகிர்ந்துகொள்ளும் எல்லை நீளமாக இருந்தால் அவற்றுக்கிடையே போர் மூளும் வாய்ப்பு கூடுமா என்று பார்க்க விரும்பினார். அதற்காக எல்லை நீளங்களைத் தேடியபோது எண்கள் ஒத்துப்போகவில்லை. ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும் இடையே உள்ள எல்லை ஓரிடத்தில் 987 கிலோமீட்டர், வேறோரிடத்தில் 1,214 கிலோமீட்டர். நெதர்லாந்துக்கும் பெல்ஜியத்துக்கும் இடையே 380 என்றும் 449 என்றும் இருந்தது. ஒரே எல்லை, அமைதியான எல்லை, நீளம் மட்டும் ஐந்தில் ஒரு பங்கு வேறுபட்டது.

ரிச்சர்ட்சன் நூலுக்குப் பதில் டிவைடரை எடுத்தார். அதன் இரு கூர்முனைகளுக்கு இடையே ஒரு தூரத்தை நிலையாக வைத்து, எல்லைக்கோட்டின்மேல் அடி வைத்து நடக்கவிட்டு, எத்தனை அடி என்று எண்ணினார். பிறகு அடியைச் சிறிதாக்கி மறுபடியும் நடந்தார். அடி சிறுக்கச் சிறுக்க, பெரிய அடி தாண்டிப் போன நெளிவுகளுக்குள்ளும் டிவைடர் நுழைந்தது, நீளம் கூடியது. அவர் எதிர்பார்த்தது நீளம் ஒரு கட்டத்தில் கூடுவதை நிறுத்தி ஓர் எண்ணில் நிற்கும் என்பது. பல கோடுகளில் அது நிற்கவில்லை. 1953-இல் அவர் இறந்த பிறகு, 1961-இல்தான் இந்த ஆய்வு அச்சில் வந்தது. 1967-இல் கணித அறிஞர் பெனுவா மாண்டல்பிரோ அதைத் தன் கட்டுரையில் எடுத்துக்கொண்டு, பிரிட்டன் கடற்கரையின் நீளம் என்ன என்ற கேள்வியாக உலகின் முன் வைத்தார்.

எண்களில் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். பிரிட்டனின் மேற்குக் கடற்கரையில் அடியைப் பாதியாக்கும் ஒவ்வொரு முறையும் நீளம் ஏறக்குறைய 19 விழுக்காடு கூடுகிறது. அடுத்த பாதிக்கு மறுபடியும் 19. வளைகுடாவுக்குள் சிறு குடா, அதற்குள் பாறையின் பல்வரிசை என்று நெளிவுக்குள் நெளிவு இருப்பதே காரணம். தென்னாப்பிரிக்கக் கடற்கரை வழவழப்பானது, அங்கே அதே பாதியாக்கலுக்கு ஒன்றரை விழுக்காடுகூடக் கூடுவதில்லை.

நீலகிரி ரயிலில் டிவைடரை நடக்கவிட்டால் என்ன ஆகும்? 100 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 100 மீட்டர் அடி வைத்தால், வில்லுக்குப் பதில் நாணை அளப்பதால் நாலரை விழுக்காடு குறையும். அடியை 50 மீட்டராக்கினால் குறைவு ஒரு விழுக்காடு. 25 மீட்டராக்கினால் கால் விழுக்காடு. ஒவ்வொரு பாதியாக்கலுக்கும் பிழை நாலில் ஒன்றாகிறது. ரிச்சர்ட்சன் எதிர்பார்த்த அந்த நிற்கும் எண் இங்கே இருக்கிறது. பொறியாளர் நிர்ணயித்த ஆரத்துக்குக் கீழே தண்டவாளம் நெளிவதில்லை. அதற்குள் புகுந்து தேட வேறு நெளிவு எதுவும் கிடையாது. அதனால்தான் ரயில் பாதைக்கு 28 கிலோமீட்டர் என்று ஒரே ஒரு நீளம் சொல்ல முடிகிறது. அதை மேசைமேல் நூல் வைத்துத் தொட்டுவிடவும் முடிகிறது.

கல்லாற்றின் கரையை அதே தாளில் அளந்தால் அந்த உறுதி கிடைக்காது. நூலும் ஒரு டிவைடர்தான். அதன் அடி, நகம் நகரும் அந்த இரண்டு மூன்று மில்லிமீட்டர், அதாவது 100 முதல் 150 மீட்டர். அதைவிடச் சிறிய நெளிவுகள் ஆற்றில் ஏராளம், அவற்றில் பலவற்றை வரைபவரும் முன்பே விட்டிருப்பார். அதனால் ஆற்றுக்கும் கடற்கரைக்கும் காட்டு ஒற்றையடிப் பாதைக்கும் நூலால் அளந்த நீளத்தை எழுதும்போது, எந்த அளவைப் படத்தில் அளந்தது என்பதையும் பக்கத்தில் எழுத வேண்டும். '1:50,000 படத்தில் 12 கி.மீ.' என்று இருந்தால், அடுத்த ஆண்டு 1:25,000 படத்தில் அளந்து 13 கண்டவர் முன்னவரைத் தவறென்று சொல்ல மாட்டார்.